போணிக்கு முன்னாடி ஒரு வேண்டாம்

ஒரு மனுசி வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தானே. அதுல என்னா பெரிய ரகசியம் இருக்குது? ஆனா அந்த ஒத்த வார்த்தையச் சொல்ல எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. சொன்னப்ப அந்த ஜெயபிரகாஷ் மூஞ்சி போன போக்கைப் பாத்தேன் பாருங்க, அதுக்காக இன்னும் ரெண்டு மாசம்கூட காத்துக் கெடக்கலாம்.

எம் பேரு வாசுகி. பாலக்கரையில பீங்கான் கடை வெச்சிருக்கேன். ஊறுகா ஜாடி, அகல் விளக்கு, கொலு பொம்மை, டீ கப்பு, எல்லாம் நம்ம ஊரு செராமிக் எஸ்டேட்டு சரக்கு. எங்க வூட்டுக்காரரு கொளஞ்சிநாதன் அங்கதான் ஒரு யூனிட்ல பொம்மை அச்சுக்கு மண்ணுக் கொழம்பு ஊத்துறாரு. அவரு பேசறது கொறைச்சல். அதுக்கும் சேத்து நான் பேசிடுவேன்னு ஊருல சொல்லுவாங்க, சொல்லட்டும்.

போன வருசம் முழங்கால் வலி தாங்கல. குந்துனா எந்திரிக்க முடியல. டாக்டரம்மா எடையக் கொறைங்கன்னாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெயபிரகாஷ் ஜிம்மு வெச்சிருந்தான், அதுல லேடீஸ் பேட்ச் உண்டு, ஒரு வருசத்துக்கு மொத்தமா கட்டிச் சேந்தேன். பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. எடையும் கொறைஞ்சுது, காலும் தேவலை ஆச்சு. வருசம் முடிஞ்சுது. எனக்குப் போதும்னு தோணுச்சு. சாயங்காலம் கிரவுண்டுல நாலு சுத்து நடந்தா ஆவுது, இனிமே எதுக்கு அந்த இரும்போட மல்லுக்கட்டணும். அவ்ளோதான் விசயம். சண்டை இல்ல, சச்சரவு இல்ல. சாப்புட்டுப் போதும்னு எலைய மூடுறதில்லையா, அது மாதிரி.

மூட வுட்டாத்தானே.

மொதல்ல காவியா கூப்புட்டா. ஜிம்மு ரிசப்ஷன்ல உக்காருற பொண்ணு. "அக்கா, உங்க மெம்பர்ஷிப் முடியுது, ரினியூ பண்ணிடலாமாக்கா?" குரலு தேனா ஒழுகும். நான் அப்பதான் கடையத் தொறந்து, பெருக்கி, வாசல்ல தண்ணி தெளிச்சு, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிட்டு நின்னேன். "பாக்கலாம்மா"ன்னேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். கடைத்தெருவுல எங்களுக்குன்னு ஒரு கட்டுப்பாடு இருக்குது. கடை தொறந்து மொத யாவாரம், அதான் போணி, அது ஆவுற வரைக்கும் 'இல்ல', 'வேண்டாம்'ங்கிற பேச்சு வாயில வரக்கூடாது. வந்தா அன்னைக்குப் பூரா கல்லா காத்தாடும். இல்லாத சரக்கைக் கேட்டாக்கூட "சாயங்காலம் வந்துடுங்க"ன்னுதான் சொல்லுவோம். எங்க மாமியா எனக்குக் கடைய வுட்டுட்டுப் போனப்ப சாவியோட சேத்து இதையும் குடுத்துட்டுப் போச்சு. இருவது வருசமா நான் மீறுனதில்ல. அதுவும் எனக்குக் கைராசிக்காரின்னு பேரு வேற. யாரு புதுசாக் கடை போட்டாலும், "வாசுகி அக்கா வந்து போணி பண்ணட்டும்"பாங்க. நான் ஒரு தேங்கா மூடி வாங்குனாலும் அவங்களுக்குத் திருப்தி.

அதனால காலையில போன் வந்தா என் வாயி "பாக்கலாம்"னுதான் சொல்லும். மறுநாளும் போன் வந்துச்சு. அதுக்கு மறுநாளும். அதே நேரம். நானும் "பாக்கலாம்மா", "சொல்றேம்மா". அவ என்னா பண்ணியிருக்கா, ஒவ்வொரு "பாக்கலாமு"க்கும் அக்கா வராங்கன்னு மொதலாளிகிட்ட சொல்லியிருக்கா.

மத்தியானம் நானே கூப்புட்டுச் சொல்லிடலாம்னு பாத்தா, எடுக்க மாட்டாங்க. வேண்டாம்னு சொல்ல வர்ற போனை அவங்க ஏன் எடுக்கப் போறாங்க? ஒரு நாளு தப்பித்தவறி எடுத்துட்டா. புடிச்சுக்கிட்டேன்.

"காவியா, கடையில வேலை ஜாஸ்தி, நேரமே இல்லம்மா."

"காலையில ஆறு மணி பேட்ச் இருக்குதுக்கா."

"காலு இன்னும் கொஞ்சம் வலிக்குது."

"அதுக்குத் தனி மாஸ்டர் போட்டிருக்கோம்க்கா."

"இப்ப கையில காசு ஓட்டம் இல்ல."

"மாசாமாசம் கட்டுங்கக்கா. சாரு உங்களுக்காக மட்டும் மூணு மாசம் ஃப்ரீ தர்றாரு. இன்னைக்கு ஒரு நாளுதான்."

நான் ஒரு காரணம் சொன்னா அவ ஒரு பதிலு வெச்சிருக்கா. ஜாடிக்குக் காது வெச்ச மாதிரி, நான் குடுக்குற ஒவ்வொரு காரணத்தையும் புடிச்சுத் தூக்குறா. கடைசியில அழுவுற குரல்ல ஒண்ணு சொன்னா. "அக்கா, உங்களை நம்பித்தான் லேடீஸ் பேட்ச்சே ஓடுது. நீங்க வுட்டுட்டா பேட்ச்சை மூடிடுவாங்க. மத்த அக்காங்க எல்லாம் எங்க போவாங்க? என் வேலையும் போயிடும்க்கா."

அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. ஒரு பொண்ணு வயித்துல அடிக்கிறமோன்னு இருந்துச்சு. வூட்டுக்காரருகிட்ட சொன்னேன். "கட்டிட்டுப் போயேன், பாவம்"னாரு. பாவமாம். எனக்கு யாரு பாவம் பாக்குறது? நம்பரை பிளாக் பண்ணினேன். மறுநாள் வேற நம்பருலேருந்து அதே தேனு ஒழுகுது.

இது வரைக்கும் எனக்குச் சலிப்புதான், கோவம் இல்ல. கோவம் வந்தது எந்தம்பியால.

எந்தம்பி சேரன் திட்டக்குடியில இருக்கான். ஜிம்முல சேந்தப்ப, அவசரத்துக்கு ஒரு நம்பர் குடுங்கன்னாங்க, மயக்கம் கியக்கம் வந்தா சொல்லணுமே. வூட்டுக்காரரு வேலை நேரத்துல போனை எடுக்க மாட்டாரு, அதனால அவன் நம்பரைக் குடுத்திருந்தேன். ஒரு ஞாயித்துக்கெழமை போன் பண்ணுறான். பின்னாடி அவன் மாமியா வூட்டு ஜனமெல்லாம் பேசுற சத்தம் கேக்குது.

"என்னாக்கா, எண்பத்தாறுலேருந்து எழுபத்தொம்போது ஆயிட்டியாமே. நிறுத்துனா திரும்ப ஏறிடுமாம். ஜிம்முக்காரன் போன் பண்ணி உன்னையக் கட்டச் சொல்லச் சொல்றான்."

பின்னாடி யாரோ பொம்பளை சிரிச்சா. அவன் மாமியாதான். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. என் எடை எனக்கும் அந்த மிஷினுக்கும் மட்டும் தெரிஞ்ச சங்கதி. கட்டுன புருசங்கிட்ட சொன்னதில்ல. மயக்கம் போட்டு வுழுந்தா கூப்புடுறதுக்குக் குடுத்த நம்பருல கூப்புட்டு, என் ஒடம்பை ஏலம் வுட்டிருக்கான். எடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்குவாங்கன்னு சொல்லுறது இவனை மாதிரி ஆளுங்களைப் பாத்துத்தான். உன்னை வுடுறதில்லைடா ஜெயபிரகாஷுன்னு அன்னைக்கு நெனைச்சேன்.

மறுநாள் தேவியப் போயிப் பாத்தேன். தேவி ரெண்டு கடை தள்ளி ஜாக்கெட் பிட்டு, ஃபால்ஸ் விக்கிறவ, என்கூட அதே பேட்ச்சுல இருந்தவ, அவளும் நிறுத்திட்டா. "உனக்குப் போன் வருதாடி"ன்னேன். "ஏன்க்கா கேக்குறீங்க, தெனம் கடை தொறந்ததும் வந்துடுது. என்னால பேட்ச்சையே மூடிடுவாங்களாம், அந்தப் பொண்ணு வேலை போயிடுமாம்"னா. எனக்குச் சொன்ன அதே வசனம், ஒரு எழுத்து மாறல. எத்தினி பேராலடி காவியா உன் வேலை போவும்? சரி, பேங்குல வேலை பாக்குற அனுசியாவும் எங்க பேட்ச்தான், அவளுக்குப் போனைப் போட்டேன். அவளுக்கும் அதே வசனம்தான், ஆனா சாயங்காலம் பேங்கை வுட்டு எறங்குற நேரத்துல வருதாம். காலையில வர்றதே இல்லியாம்.

கடைக்காரிங்களுக்கு மட்டும் ஏன் காலையில?

அன்னைக்கு மறுநாள் காவியா கூப்புட்டப்ப நான் சாந்தமா, வெல்லமாக் கேட்டேன். "ஏம்மா, காலையிலயே கூப்புடுறியே, உனக்கும் சிரமம்தானே?"

பாவம், சின்னப் பொண்ணு, வாயி தவறிட்டா. "சாருதான்க்கா சொன்னாரு. கடை வெச்சிருக்கவங்களைக் கடை தொறக்குற நேரத்துலதான் கூப்புடணும், போணிக்கு முன்னாடி வேண்டாம்னு சொல்ல மாட்டாங்கன்னு." சொல்லிட்டு அவளே கப்புன்னு நிறுத்திட்டா. அப்புறம், "அக்கா, சாருகிட்ட சொல்லிடாதீங்கக்கா"ன்னா.

ஜெயபிரகாஷோட அப்பன் இதே கடைத்தெருவுல இரும்புக் கடை வெச்சிருந்தவரு. அந்தாளு கல்லாவுல வளந்த புள்ளைக்கு எங்க கட்டுப்பாடு தெரியாதா? தெரிஞ்சேதான் செஞ்சிருக்கான். நான் சாமிக்குப் பயந்து வாய மூடிக்கிட்டு நிக்குற அந்த அஞ்சு பத்து நிமிசத்தைப் பாத்து உள்ள பூந்திருக்கான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஜிம்மைக் கல்லு கல்லாப் பேத்திருப்பேன். ஆனா முள்ளை முள்ளாலதான் எடுக்கணும்.

முள்ளை அவனே கொண்டாந்து கையில குடுத்தான்.

தை பொறந்துச்சு. ஜிம்மு மாடியில லேடீஸுக்குன்னு புதுசா ஒரு ஹாலு கட்டியிருந்தான். தெறப்பு விழா. பேட்ச்சை மூடப்போறோம்னு அழுதவங்க மாடி கட்டுறாங்க பாத்துக்குங்க. வாட்ஸ்அப்புல பத்திரிகை வந்துச்சு. அப்புறம் அவனே போன் பண்ணினான், காலையில, போணிக்கு முன்னாடி. "அக்கா, உங்க கைராசி ஊருக்கே தெரியும். நீங்கதான் வந்து மொத ரசீது போட்டுப் போணி பண்ணணும். உங்களுக்குப் பாதி ரேட்டுதான்க்கா. நல்ல நேரம் ஒம்போதரைக்கு. வந்துடுவீங்கல்ல?"

"வராம இருப்பனா தம்பி"ன்னேன். மனசார சொன்னேன்.

வூட்டுக்காரருகிட்ட சொன்னேன், அவன் போணியில போயி வேண்டாம்னு சொல்லப்போறேன்னு. மனுசன் சாப்புடறதை நிறுத்திட்டு என்னைய நிமுந்து பாத்தாரு. "அடுத்தவன் போணியக் கெடுக்குறது பாவம்டி. அவன் மட்டும் இல்ல, உனக்கும் ஆவாது. கைராசின்னு ஒரு பேரு இருக்குது, அதுவும் போயிடும். அப்புறம் உன்னைய எவன் கடைக்குக் கூப்புடுவான்?"

அவரு சொல்றதுல நியாயம் இருக்குது. கடைத்தெருவுல எனக்குன்னு இருக்குறது அந்தப் பேரு ஒண்ணுதான். பெரிய கடை இல்ல, பெரிய படிப்பு இல்ல. நல்ல காரியத்துக்கு என்னைய மொத ஆளாக் கூப்புடுறாங்களே, அது எனக்கு நகை நட்டைவிட மேல. அது போனா நான் யாரு? ரெண்டு நாளு அதையே நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஆனா அந்தப் பேரை வெச்சுத்தானே அவன் என்னையக் கட்டி இழுக்குறான்? அப்புறம் சேரன் மாமியா சிரிச்ச சிரிப்பு காதுல வந்து நிக்கும். போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

பட்டுப்பொடவை கட்டுனேன். எதுத்தாப்புல பூக்கட்டுற வீரம்மாள்கிட்ட ரெண்டு மொழம் மல்லி வாங்கி வெச்சுக்கிட்டு, அவளையும் கூட்டிக்கிட்டுப் போனேன். செய்யறது செய்யறோம், நாலு பேரு பாக்கட்டும்.

மாடியில கடைத்தெரு பொம்பளைங்க பாதிப் பேரு இருந்தாங்க, தேவியும்தான். பேங்கு அனுசியாவும் வந்திருந்தா. வாழைமரம், சீரியல் லைட்டு, ஐயரு கற்பூரம் காட்டி முடிச்சுட்டாரு. பூசணிக்காய ஒடைச்சாச்சு. ஜெயபிரகாஷ் பட்டு வேட்டியில, நெத்தி நெறைய சந்தனத்தோட மாப்பிள்ளை கணக்கா நிக்குறான். காவியா ரசீது புக்கைத் தாம்பாளத்துல வெச்சு, மஞ்சள் குங்குமம் தொட்டு வெச்சுக்கிட்டு நின்னா. என்னையப் பாத்ததும் தலையக் குனிஞ்சுக்கிட்டா.

"நம்ம வாசுகி அக்கா கையாலதான் மொத போணி"ன்னு மைக்குல சொன்னான். எல்லாரும் கை தட்டுனாங்க. நான் முன்னால போயி நின்னேன்.

வாயத் தொறந்தேன். சத்தம் வரல.

சத்தியமா வரல. இருவது வருசப் பழக்கம் வுட மாட்டேங்குது. கற்பூர வாசனை இன்னும் போவல. இந்த நேரத்துல இந்த வார்த்தையச் சொன்னா சாமி குத்தம் ஆயிடுமோன்னு பயமா இருக்குது. "என்னாக்கா, ரெண்டு வருசமாவே போட்டுடலாமா?"ன்னு அவன் சிரிச்சான். அந்தச் சிரிப்புதான் எனக்கு நாக்கை அவுத்து வுட்டுச்சு.

"வேண்டாம் தம்பி."

மைக்கு அவன் கையிலதான் இருந்துச்சு, என் கிட்டத்துல. ஹாலு பூரா கேட்டுச்சு. ஒரு பொம்பளை "அடியாத்தே"ன்னு நெஞ்சுல கைய வெச்சா. அவன் மூஞ்சி சுட்டெடுக்காத பச்சை மண்ணு மாதிரி ஆயிடுச்சு.

"ஏன்க்கா?"

நான் வூட்டுலேருந்து பெரிய பேச்சே தயார் பண்ணிக்கிட்டு வந்திருந்தேன். எடைய ஏண்டா சொன்ன, எந்தம்பிய ஏண்டா கூப்புட்டன்னு நாக்கைப் புடுங்குற மாதிரி கேக்கணும்னு. ஆனா அந்த "ஏன்க்கா"வைக் கேட்டதும் எனக்குப் புரிஞ்சு போச்சு. நான் ஒண்ணு சொன்னா அவன் ஒண்ணு சொல்லுவான். மன்னிச்சுக்குங்கம்பான், ஆளை மாத்திட்டேம்பான், அதுக்காக இன்னும் மூணு மாசம் ஃப்ரீம்பான். காரணத்தைக் குடுத்தாத்தானே புடிச்சுத் தூக்குவான்.

"ஏன்னெல்லாம் இல்ல. வேண்டாம்"னேன்.

"ரேட்டு இன்னும் கொறைக்கிறேன்க்கா."

"வேண்டாம்."

குரலைத் தாழ்த்திக்கிட்டான். "அக்கா, நல்ல நாளும் அதுவுமா, போணி நேரத்துல இப்படிச் சொல்றீங்களே. கடைக்காரங்க நீங்க. பாவம் இல்லியா?"

மைக்கைத் தாழ்த்த மறந்துட்டான் மடையன்.

"ரெண்டு மாசமா தெனம் என் போணிக்கு முன்னாடி போன் அடிச்சப்ப உனக்குப் பாவம் தெரியலியா தம்பி?"

கடைத்தெரு பொம்பளைங்களுக்கு அதுக்கு மேல வெளக்கம் தேவைப்படல. ஒருத்திய ஒருத்தி பாத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் அதே நேரத்துல போன் வந்திருக்குது, ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்னு நெனைச்சிருக்கா. தேவி பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு "எனக்கும் வேண்டாம்"னா. இன்னும் ரெண்டு மூணு குரலு அதையே சொல்லுச்சு. நான் யாரையும் சொல்லச் சொல்லல. ஆனா கேக்கக் கேக்க வயித்துல பாலு வாத்த மாதிரி இருந்துச்சு, அதை ஏன் மறைக்கணும். கேசரியக்கூட வாங்கித் தின்னுட்டுத்தான் எறங்குனேன். வீரம்மாள் ரெண்டு வாங்கிக்கிட்டா.

அதோட முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். மறுநாள் காலையில கடையத் தொறந்து, தண்ணி தெளிச்சு, ஊதுவத்தி காட்டித் திரும்புறேன், ஜெயபிரகாஷ் வாசல்ல நிக்குறான். போன் இல்ல, ஆளே. செருப்பை அவுத்து வெச்சுட்டு நிக்குறான்.

"அக்கா, நேத்து நீங்க போனதுக்கு அப்புறம் ஒருத்தரும் சேரல. மொத வார்த்தையே வேண்டாம்னு வுழுந்துடுச்சுன்னு பேசிக்கிறாங்க. எங்கம்மா ராத்திரி பூரா பொலம்புறாங்க. எந்தம்பிக்குப் போன் போட்டதுக்கு மன்னிச்சுக்குங்கன்னு உங்க தம்பிகிட்டயே பேசிட்டேன்க்கா. நீங்க காசே குடுக்க வேண்டாம். ஆயுசுக்கும் ஃப்ரீ. வரக்கூட வேண்டாம். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மொத ரசீது உங்க பேருல போட்டுக்குறேன்."

உங்க தம்பின்னு சொல்ல வந்து எந்தம்பின்னு ஒளறுறான், அவ்ளோ பதட்டம். எனக்குக் கொஞ்சம் எரக்கம்கூட வந்துச்சு. இன்னும் என் கடை போணி ஆவல. அது அவனுக்கும் தெரியும். மன்னிப்புக் கேக்க வந்தவன்கூட அந்த நேரத்தைப் பாத்துத்தான் வந்திருக்கான். நேத்து நான் சொன்னதோட கெடுதல் அவன் கடைக்கு. இன்னைக்குச் சொன்னா எங்கடைக்கு. காசு இல்லைங்கிறான், வர வேண்டாங்கிறான். மறுக்குறதுக்கு ஒரு காரணம்கூட எங்கிட்ட மிச்சம் இல்ல.

மாமியா படத்தை ஒரு தடவை பாத்தேன்.

"வேண்டாம் தம்பி"ன்னேன்.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்னான், நான் ஏதாச்சும் காரணம் சொல்லுவேன்னு. நான் ஜாடியத் தொடைச்சு அடுக்க ஆரம்பிச்சுட்டேன். அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

அன்னைக்குப் போணி ஆவ உச்சி ஆயிடுச்சு. ஆவட்டுமே.